முந்திரிக் கூலி வேலை: 64 கிலோ பருப்பு எங்கே போனது?

வாசகர் கடிதம்

சார், வணக்கம். நான் கருங்கல் பக்கம் சிறிய அளவில் முந்திரிப் பருப்பு வியாபாரம் செய்கிறேன். சீசனில் தோட்டக்காரர்களிடம் கொட்டை வாங்கி, ஒரு அண்டியாபீஸில் கூலிக்குக் கொடுத்து, பருப்பாகத் திருப்பி வாங்கி விற்கிறேன். திருவனந்தபுரம் கடைகளுக்கும் போடுவதால் ஜிஎஸ்டி பதிவு உண்டு. இந்த முறை 40 மூடை, 3,200 கிலோ கொடுத்தேன். கொட்டை கிலோ 120 ரூபாய். கூலி கிலோவுக்கு 30 என்று வாய்ப்பேச்சு. வரியோடு 1,00,800 ரூபாய் பில் வந்தது. 60,000 கொடுத்துவிட்டேன். போக வர வண்டிக்கும் சுமைக்கும் 6,000 ஆனது.

நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் 800 கிலோ பருப்பு வர வேண்டும். வந்தது 736 தான்: முழுப்பருப்பு 430, உடைந்தது 270, கருகலும் பொடியும் 36. கேட்டால் ஒரு சீட்டைக் காட்டுகிறார்கள். "மாய்ஸ்சர் 14, கவுண்ட் 182, காய்ந்தபின் 3,030, அவுட்டர்ன் 49" என்று இருக்கிறது. எனக்குப் புரியவில்லை. 64 கிலோவை எடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். மீதிக் கூலியை நிறுத்திவிடலாமா? சரக்கு வந்து 9 நாள் ஆகிறது.

கிலோ அடக்கம் 600 என்று போட்டு, முழு 740, உடைந்தது 600 என்று கடைகளில் பேசிவிட்டேன். போன வருடமும் இப்படித்தான் விற்றேன், கடைசியில் கையில் ஒன்றும் நிற்கவில்லை. களியக்காவிளை தாண்டி கேரளத்தில் ஒரு ஃபாக்டரி 26 ரூபாய்க்குச் செய்கிறேன் என்கிறது. மாறிவிடலாமா? விவசாயிகளிடம் வாங்குவதால் கொட்டைக்கு வரி இல்லை, அதில் பிரச்சினை இல்லை என்றே நினைக்கிறேன்.

பதில்

அன்புள்ள சகோதரி, முதலில் அந்தச் சீட்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அதைப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருக்கும் ஆவணங்களில் அதுதான் முக்கியமானது. உங்களுக்குப் பாதகமாகக் காட்டப்பட்ட சீட்டுத்தான், ஆனால் அதில் பாதி உங்கள் பக்கமும் பேசுகிறது. என் கணக்குப்படி 64 கிலோவில் 42 கிலோ அண்டியாபீஸுக்குள் காணாமல் போகவே இல்லை. மீதி 22 கிலோவுக்குத்தான் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். எப்படி என்று பார்ப்போம்.

சீட்டில் என்ன எழுதியிருக்கிறது

மாய்ஸ்சர் 14 என்றால், நீங்கள் இறக்கிய கொட்டையில் நூற்றுக்கு 14 பங்கு ஈரம். மரத்தடியில் பொறுக்கிய கொட்டையில் ஈரம் அதிகமாகவே இருக்கும். அதை வெயிலில் காயப்போட்டு 9 சதவீதம் அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அடுக்கி வைக்கவோ அவிக்கவோ முடியும். 3,200 கிலோ 14 சதவீத ஈரத்திலிருந்து 9 சொச்சத்துக்கு வந்தால் எடை 3,030 ஆவது சரியான கணக்கு. நான் தனியாகப் போட்டுப் பார்த்தேன், ஒத்துவருகிறது. அதாவது நீங்கள் அனுப்பியதில் 170 கிலோ தண்ணீர். அதை யாரும் எடுக்கவில்லை, முற்றத்து வெயில் எடுத்தது.

கவுண்ட் 182 என்பது ஒரு கிலோவுக்கு எத்தனை கொட்டை என்பது. எண்ணிக்கை கூடக் கூட கொட்டை சிறியது என்று அர்த்தம். உங்கள் சண்டைக்கு அது தேவையில்லை.

அவுட்டர்ன் 49 என்பதுதான் உங்களுக்கு உதவப்போகும் எண். முந்திரித் தொழிலில் இன்னும் பவுண்டு கணக்குத்தான் ஓடுகிறது. 80 கிலோ மூடை ஒன்றிலிருந்து 49 பவுண்டு பருப்பு கிடைக்கும் என்பது இதன் பொருள். சாம்பிளாக ஒரு கிலோ கொட்டை எடுத்து ஒவ்வொன்றையும் வெட்டிப் பார்ப்பார்கள். நல்ல பருப்பை முழு எடைக்கும், புள்ளி விழுந்ததையும் சுருங்கியதையும் பாதி எடைக்கும் எடுப்பார்கள். சொத்தையை விட்டுவிடுவார்கள். வரும் கிராமை 80-ஆல் பெருக்கி 453.6-ஆல் வகுத்தால் அவுட்டர்ன். 49 என்றால் கிலோவுக்குச் சுமார் 278 கிராம். நம் மாவட்டத்துக் கொட்டைக்கு இது நல்ல தரம்தான், உங்களுக்குக் கொட்டை பார்த்து வாங்கத் தெரிந்திருக்கிறது.

காய்ந்த 3,030 கிலோவில் இந்தக் கணக்குப்படி 842 கிலோ பருப்பு இருந்தது. ஆனால் அது தொலியோடு இருக்கும் பருப்பு. அதன் பிறகு அதைப் போர்மா அடுப்பில் காயவைத்துத் தொலியை உரிக்கிறார்கள். தொலியாகவும் போர்மாவில் போகும் ஈரமாகவும் சேர்த்துச் சுமார் 10 சதவீதம் குறையும். ஆக உங்களுக்கு வர வேண்டியது 758 கிலோ. வந்தது 736. குறைவது 22.

இன்னொரு வழியில் பாருங்கள். 758-ஐ 3,030-ஆல் வகுத்தால் சரியாக நாலில் ஒன்று. உங்கள் ‘நாலுக்கு ஒன்று’ தப்பான கணக்கில்லை. அது காய்ந்த கொட்டைக்கான கணக்கு. நீங்கள் அதை ஈரக் கொட்டை மேல் போட்டுவிட்டீர்கள். 170 கிலோ தண்ணீருக்கு நாலில் ஒன்று என்று நீங்கள் எதிர்பார்த்த 42 கிலோ பருப்பு முதலிலிருந்தே இல்லாதது.

இதில் மனம் வருந்த வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்தத் தண்ணீரை நீங்கள் கிலோ 120 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறீர்கள். 20,400 ரூபாய். அதே 170 கிலோவுக்குக் கூலியாக 5,100 வேறு. உங்கள் கணக்கில் இருக்கும் பெரிய ஓட்டை இதுதான். அது அண்டியாபீஸில் இல்லை, நீங்கள் கொட்டை வாங்கும் தராசில் இருக்கிறது. ஏப்ரல், மே மாதக் கோடை மழைக்குப் பிறகு வாங்கும் சரக்கில் இது இன்னும் மோசமாகும். ஈரக் கொட்டையை மூடையில் கட்டி வைத்தால் பருப்பில் புள்ளி விழுந்து தரமும் போகும்.

22 கிலோ எங்கே போயிருக்கலாம்

திருட்டு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அது ஒன்றே காரணம் என்று எழுதிக் கொடுக்காதீர்கள், நிரூபிக்க முடியாது. எனக்குத் தெரிந்த வரை இந்த அளவு குறைவுக்கு மூன்று இடங்கள் உண்டு.

ஒன்று, உடைப்பு. கொட்டையை ஆவியில் அவித்து, ஆறவிட்டுத்தான் வெட்டுவார்கள். சரியாக ஆறாமல் வெட்டினாலோ, கத்தி கொட்டையின் அளவுக்குப் பொருந்தாமல் இருந்தாலோ பருப்பின் ஒரு துண்டு ஓட்டிலேயே ஒட்டிக்கொண்டு போய்விடும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஓட்டுக் குவியலில் வெவ்வேறு இடத்திலிருந்து பத்துக் கிலோ அள்ளி, தரையில் பரப்பிக் கிளறிப் பார்த்தால் வெள்ளைத் துண்டுகள் தெரியும். பத்துக் கிலோவில் 100 கிராம் இருந்தாலே 2,000 கிலோ ஓட்டுக்கு 20 கிலோ ஆகிவிடும். இந்த முறை அந்த ஓடு போயிருக்கும். அடுத்த முறை வெட்டு நடக்கும் அன்று நேரில் போய்ப் பாருங்கள்.

இரண்டாவது, போர்மா. சூடு கூடினால் பருப்பு கருகும், உலர்ந்து நொறுங்கும். உங்களுக்கு வந்த 36 கிலோ கருகலும் பொடியும் அதற்கு அடையாளம். முழுப்பருப்பு நல்ல சரக்கில் 61 சதவீதம்தான் தேறியிருக்கிறது என்பதும் அதைத்தான் சொல்கிறது. என் சித்தி இருபது வருடத்துக்கு மேல் அண்டியாபீஸில் தொலி உரித்தவர். போர்மாவிலிருந்து வரும் தட்டைக் கையில் எடுத்ததுமே, இன்றைக்குப் பொடிதான் மிஞ்சும் என்று சொல்லிவிடுவார். வேக்காடு சரியில்லாத பருப்பில் தொலி விடாது, சுரண்ட வேண்டியிருக்கும், சுரண்டினால் உடையும். அதற்கு உரிக்கிற பெண்களைக் குறை சொல்லிப் பயனில்லை, தப்பு முந்தைய கட்டத்தில் நடந்தது.

மூன்றாவது, கலப்பு. 40 மூடை என்பது பெரிய அண்டியாபீஸுக்குச் சின்னச் சரக்கு. அதைத் தனியாக ஓட்டாமல், வேறொருவர் சரக்கோடு சேர்த்து அவித்துவிட்டு, கடைசியில் விகிதம் போட்டுப் பிரித்துக் கொடுப்பது உண்டு. அப்படிச் செய்திருந்தால் உங்கள் 49 அவுட்டர்ன் கொட்டையின் பலன் இன்னொருவரின் சுமாரான கொட்டைக்குப் போயிருக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: "என் சரக்கைத் தனியாக ஓட்டினீர்களா?"

மீதிக் கூலியை நிறுத்தலாமா

முழுவதையும் நிறுத்த வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

சட்டத்தின் பார்வையில் கொட்டையும் உங்களுடையது, பருப்பும் உங்களுடையது. அண்டியாபீஸ் அதை வேலைக்காகக் கையில் வைத்திருந்தவர் மட்டுமே. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவுப்படி, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அதே கவனத்தோடு அவர்கள் உங்கள் சரக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் சம்மதம் இல்லாமல், பிரிக்க முடியாதபடி வேறு சரக்கோடு கலந்துவிட்டால், அதனால் வரும் நட்டத்துக்கு ஈடு கேட்க 157-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதே சட்டம் அவர்களுக்கும் ஒரு பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. 170-ஆம் பிரிவுப்படி, உழைப்பும் திறமையும் செலவழித்து வேலை முடித்தவர், கூலி வரும்வரை பொருளைத் தன்னிடமே நிறுத்தி வைக்கலாம். இந்த முறை சரக்கு உங்கள் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அடுத்த முறை இதே இடத்துக்குப் போனால், அவர்கள் பருப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பேசக்கூடும்.

அதைவிட அவசரமான விஷயம் ஒன்று. அந்த அண்டியாபீஸ் உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், பில்லை ஓரமாக வைத்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத இடத்தில் 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம். எழுத்தில் இருந்தால் பேசிய தேதி, அதுவும் அதிகபட்சம் 45 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக ஏறும். ஆனால் சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தால், அந்த ஆட்சேபம் தீரும் நாளிலிருந்துதான் இந்தக் கெடு ஓடத் தொடங்கும். உங்களுக்கு 9 நாள் போய்விட்டது. இன்னும் 6 நாள் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் கோபமாகப் பேசி அனுப்பியிருந்தால் அது போதும் என்று இருக்காதீர்கள். ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள்.

கடிதத்தில் திருட்டு என்ற சொல்லே வேண்டாம். இப்படி எழுதலாம்: "உங்கள் சீட்டின்படி காய்ந்த எடை 3,030 கிலோ, அவுட்டர்ன் 49. தொலிக்கும் ஈரத்துக்கும் 10 சதவீதம் கழித்தால் 758 கிலோ வர வேண்டும். 736 கிலோ கிடைத்தது. 22 கிலோ குறைவுக்கும், 36 கிலோ கருகலுக்கும் விளக்கம் தேவை. வெட்டியபின் எடை, போர்மாவுக்குப் பின் எடை, இரண்டையும் தெரிவிக்கவும். என் சரக்கு தனியாக ஓட்டப்பட்டதா என்பதையும் தெரிவிக்கவும்."

பாக்கி 40,800 ரூபாயில் 22 கிலோவின் மதிப்பை மட்டும் நிறுத்தி வைப்பதே நியாயம் என்பது என் கருத்து. அந்த மதிப்பு கிட்டத்தட்ட 14,500 ரூபாய். எப்படி வந்தது என்பதைக் கீழே சொல்கிறேன். மீதி 26,300-ஐ இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். சண்டையில்லாத பணத்தைக் கொடுத்துவிட்டவரின் கேள்விக்குப் பதில் கிடைக்கும். பேசி முடித்தால் கூலியிலிருந்து கழித்து அவர்களிடம் கிரெடிட் நோட் வாங்கிக்கொள்ளுங்கள். பில்லில் நீங்களாகவே அடித்துத் திருத்தாதீர்கள்.

திரும்பி வந்த பருப்பின் உண்மையான அடக்கம்

கையில் பணம் நிற்காததற்குக் காரணம் இங்கே இருக்கிறது. நாலு கிலோ கொட்டை 480, நாலு கிலோவுக்குக் கூலி 120, ஆக 600 என்று போட்டிருக்கிறீர்கள். அது தாளில் நடக்கும் கணக்கு. திரும்பி வந்த சரக்கின் அடக்கத்தை, திரும்பி வந்த எடையை வைத்துத்தான் போட வேண்டும்.

கொட்டை 3,84,000. கூலி 96,000. அதன் மேல் வந்த 4,800 வரியை நீங்கள் உள்வரியாக எடுத்துக்கொள்ளலாம், அதனால் அடக்கத்தில் சேர்க்க வேண்டாம். வண்டி, சுமை 6,000. மொத்தம் 4,86,000. இதிலிருந்து கருகலும் பொடியும் விற்று வரும் பணத்தைக் கழியுங்கள். கிலோ 250 ரூபாய் என்று வைத்தால் 9,000. மீதி 4,77,000 ரூபாயை 736 கிலோ மேல் போடக் கூடாது, நல்ல பருப்பு 700 கிலோ மேல் போட வேண்டும். கிலோ 681 ரூபாய் வருகிறது. நீங்கள் நினைத்ததைவிட 81 ரூபாய் அதிகம்.

அப்புறம், முழுவுக்கும் உடைந்ததுக்கும் ஒரே அடக்கம் போடுவதும் சரியில்லை. இரண்டும் ஒரே கொட்டையிலிருந்து ஒன்றாகப் பிறந்தவை. எது எவ்வளவு செலவில் வந்தது என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. இப்படிப்பட்ட சரக்குக்கு, விற்பனை மதிப்பின் விகிதத்தில் செலவைப் பிரிப்பது காஸ்டிங்கில் பழைய வழக்கம். நீங்கள் பேசிய விலையில் முழு 430 கிலோ 3,18,200. உடைந்தது 270 கிலோ 1,62,000. மொத்தம் 4,80,200. செலவை அந்த விகிதத்தில் பிரித்தால் முழுவின் அடக்கம் 735, உடைந்ததன் அடக்கம் 596. முழுவில் கிலோவுக்கு 5 ரூபாய், உடைந்ததில் 4 ரூபாய் மிச்சம். கவர், கார்ட்டன், கடைக்காரரின் கடன், உங்கள் நேரம் எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். போன வருடம் என்ன நடந்திருக்கும் என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஆகவே பேசிய விலையில் முழுச் சரக்கையும் கொடுத்துவிடாதீர்கள். வாக்குக் கொடுத்த அளவை மட்டும் கொடுத்துவிட்டு, மீதி முழுப்பருப்பை அளவு பார்த்துப் பிரியுங்கள். ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 வரை எண்ணிக்கை வரும் பருப்பு டபிள்யூ 320. 220 முதல் 240 வரை வருவது டபிள்யூ 240. பெரிய பருப்புக்கு எப்போதும் கூடுதல் விலை உண்டு. கலந்து விற்கும்போது பெரியதும் சின்னதின் விலைக்குப் போகிறது.

14,500 எப்படி என்றால்: அந்த 22 கிலோவும் வந்திருந்தால் நல்ல பருப்பு 722 கிலோ, அடக்கம் கிலோ 661. 22 கிலோவுக்கு 14,500 சொச்சம். ஈரம், தொலி போன்ற இயல்பான சேதாரத்தை நல்ல சரக்கு சுமக்க வேண்டும். இயல்புக்கு மேலே போனதை நட்டம் என்று தனி வரியில் எழுத வேண்டும் என்பதுதான் கையிருப்பு மதிப்பிடுவதற்கான ஏஎஸ் 2 கணக்கியல் தரமும் சொல்வது. அதையும் அடக்கத்தில் ஏற்றிவிட்டால், அடுத்த வருடம் நீங்கள் விலை பேசும்போது ஒரு தப்பு நிரந்தரமாக உள்ளே உட்கார்ந்துவிடும்.

ஓடு யாருடையது

உங்கள் கடிதத்தில் ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காய்ந்த 3,030 கிலோவில் 2 டன்னுக்கு மேல் ஓடு வந்திருக்கும். அதிலிருந்து முந்திரி ஓட்டு எண்ணெய் பிழிகிறார்கள். பெயிண்டுக்கும் பிரேக் லைனிங்குக்கும் அது போகிறது. கிலோ 10 ரூபாய் என்று வைத்தாலும் 20,000 ரூபாய்க்கு மேல். தனியாகப் பேசாத வரை கொட்டையின் சொந்தக்காரரே ஓட்டின் சொந்தக்காரர். பல இடங்களில் ஓட்டை அண்டியாபீஸ் வைத்துக்கொள்வது வழக்கம், அதில் தப்பில்லை. ஆனால் அப்போது 30 ரூபாய் என்பது முழுக் கூலி இல்லை, 30 ரூபாயும் ஓடும் சேர்ந்ததுதான் கூலி. அடுத்த பேச்சில் இதை வெளிப்படையாக மேசையில் வையுங்கள்.

அடுத்த சீசனுக்கு எப்படிப் பேசுவது

ஈரக் கொட்டையை வாங்கினால் இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் உங்கள் முற்றத்திலேயே காயப்போடுங்கள். கட்டைவிரல் நகத்தால் கீறினால் தடம் விழக் கூடாது, குலுக்கினால் உள்ளே சத்தம் கேட்க வேண்டும். ஈரம் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்குவது இன்னும் நல்லது, இந்த 20,400 ரூபாயை நினைத்தால் அது பெரிய செலவாகத் தெரியாது. தோட்டக்காரரிடமும் ஈரத்துக்கு ஏற்ற விலை பேசுங்கள். காய்ந்ததைத் தருபவருக்குக் கிலோவுக்குக் கூடக் கொடுத்தாலும் உங்களுக்கு நட்டமில்லை.

அனுப்பும் அன்று இரண்டு பேரும் சேர்ந்து சாம்பிள் வெட்டி, ஈரம், அவுட்டர்ன், எடை மூன்றையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். திரும்ப வர வேண்டியது எவ்வளவு என்ற சண்டை அன்றைக்கே பாதி முடிந்துவிடும்.

கூலி முறையையும் மாற்றச் சொல்வேன். கொட்டை எடைக்குக் கூலி கொடுத்தால், பருப்பு 700 வந்தாலும் 760 வந்தாலும் அவர்களுக்கு அதே பணம். அதற்குப் பதில், முழுப்பருப்பு கிலோவுக்கு 145, உடைந்ததுக்கு 105, கருகலுக்குக் கூலி இல்லை என்று பேசலாம். நன்றாக ஓட்டி 500 முழுவும் 225 உடைந்ததும் கொடுத்தால் அவர்களுக்கு 96,000 சொச்சம், இப்போது வாங்கும் அதே பணம். இந்த முறை வந்த மாதிரி வந்தால் 90,700 தான். அவர்களும் ஒத்துக்கொள்ளக்கூடிய பேச்சு இது, நல்ல வேலைக்கு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

வரியில் இரண்டு தப்பு

ஒன்று, விவசாயியிடம் வாங்கும் உடைக்காத முந்திரிக்கொட்டைக்கு வரி இல்லை என்பது சரியில்லை. பதிவு பெற்றவர் வாங்கினால், விற்பவருக்குப் பதிலாக வாங்கும் நீங்களே 5 சதவீதம் கட்ட வேண்டும். 3,84,000-க்கு 19,200 ரூபாய். இதை ரொக்க லெட்ஜரிலிருந்துதான் கட்ட முடியும். கட்டிய பிறகு அதையே உள்வரியாக எடுத்துப் பருப்பு விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆகவே உண்மையில் பெரிய செலவில்லை, ஆனால் கட்டாமல் விட்டால் வட்டி ஏறும். போன வருடக் கொள்முதலையும் சேர்த்து உங்கள் ஆடிட்டரிடம் உடனே காட்டுங்கள்.

இரண்டாவது, துண்டுச்சீட்டோடு சரக்கை ஏற்றாதீர்கள். கூலி வேலைக்குப் போகும் சரக்குக்கு டெலிவரி சலான் போட வேண்டும். ஒரு வருடத்துக்குள் சரக்கு திரும்ப வராவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி கேட்பார்கள். ஆண்டு விற்பனை 5 கோடிக்குள் இருப்பவர்கள் வருடம் ஒருமுறை ITC-04 படிவம் போட வேண்டும். அதில் சேதாரத்துக்கென்றே இடம் இருக்கிறது. ஈரம், ஓடு, தொலி எல்லாம் எடையோடு அங்கே வர வேண்டும். உங்கள் இரண்டு கையெழுத்துச் சீட்டு இருந்தால் அதைப் பார்த்தே நிரப்பிவிடலாம்.

கேரள ஃபாக்டரி

கிலோவுக்கு 4 ரூபாய் குறைவு என்றால் 3,030 கிலோவுக்கு 12,120 ரூபாய் மிச்சம். 18 கிலோ நல்ல பருப்பு குறைந்து வந்தால் அந்த மிச்சம் போய்விடும். வண்டி வாடகை கூடுவதை இன்னும் சேர்க்கவில்லை. அதனால் 26-ஐயும் 30-ஐயும் ஒப்பிடாதீர்கள். அவர்களிடம் காய்ந்த கொட்டைக்கு எத்தனை கிலோ நல்ல பருப்பு தருவீர்கள், அதில் முழு எத்தனை, ஓடு யாருக்கு என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வந்தால் முதலில் 5 மூடை மட்டும் கொடுத்துப் பாருங்கள். அந்த 5 மூடைக்கும், மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஏற்றுவதற்கு முன் இ-வே பில் போட்டாக வேண்டும். மாநிலம் தாண்டிப் போகும் கூலி வேலைச் சரக்குக்கு 50,000 ரூபாய் வரம்பு கிடையாது. களியக்காவிளையைத் தாண்டும்போது அந்தத் தாளும் சலானும் டிரைவர் கையில் இருக்கட்டும்.